நர்சிங் விரிவுரையாளர் பணிக்குக் கற்பித்தல் கொள்கை அறிக்கை எழுதுவது எப்படி?

விளம்பரத்தின் கடைசி வரியில்தான் அது இருக்கும்: "விண்ணப்பத்துடன் இரண்டு பக்கங்களுக்கு மிகாத கற்பித்தல் கொள்கை அறிக்கையையும் இணைக்கவும்." பத்து ஆண்டு வார்டில் வேலை பார்த்தவர்கள், இரவு டியூட்டியில் நாற்பது நோயாளிகளுக்குத் தனியாக ஹேண்டோவர் எழுதியவர்கள், இந்த ஒரு வரியில் வந்து நின்றுவிடுகிறார்கள். வட அமெரிக்கக் கல்லூரிகளில் ஆசிரியர் வேலைக்கு இதைக் கேட்பது நெடுநாள் வழக்கம். இங்கேயும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். தேர்வுக் குழுவில் உட்கார்ந்து இப்படிப்பட்ட அறிக்கைகளைப் படித்துப் படித்து எனக்குத் தெரியவந்ததை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

இது தன்விவரக் குறிப்பின் நீட்சி இல்லை என்பதை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எம்.எஸ்சி. எங்கே முடித்தீர்கள், எத்தனை பயிலரங்குகளில் கலந்துகொண்டீர்கள் என்பதெல்லாம் அங்கே இருக்கிறது. நீங்கள் வகுப்பிலும் வார்டிலும் என்ன செய்கிறீர்கள், ஏன் அப்படிச் செய்கிறீர்கள், அதனால் மாணவர் கற்றுக்கொண்டார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் ஆகிய மூன்றுக்கும் இந்த அறிக்கையில் பதில் இருக்க வேண்டும்.

நர்சிங் ஆசிரியருக்கு மட்டும் நான்காவதாக ஒன்று உண்டு. கணக்கு ஆசிரியரின் மாணவர் தவறு செய்தால் கரும்பலகையை அழித்துவிடலாம். நம் மாணவர் தவறு செய்யும் இடத்தில் கட்டிலில் ஒருவர் படுத்திருக்கிறார். செய்து பார்க்காமல் மாணவருக்குக் கை வராது. செய்து பார்ப்பதோ ஒரு மனித உடம்பில். அப்படியானால் எந்த இடம் வரை மாணவரின் கையை விடுவீர்கள், எந்த இடத்தில் பிடிப்பீர்கள்? நான் அறிக்கையைக் கையில் எடுத்ததும் இதற்கான பதிலைத்தான் தேடுவேன். பெரும்பாலானவற்றில் அது இருக்காது.

முதலில், எழுதக்கூடாத வரைவை எழுதிவிடுங்கள்

முன்பு என்னிடம் படித்த மாணவி ஒருவர், வார்டில் ஒன்பது ஆண்டும் டியூட்டராக மூன்று ஆண்டும் இருந்தவர், தன் அறிக்கையின் முதல் வரைவை எடுத்துக்கொண்டு வந்தார். அது இப்படித் தொடங்கியது:

"கற்பித்தல் ஒரு புனிதமான பணி என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒவ்வொரு மாணவரும் தனித்தன்மை கொண்டவர். மாணவரை மையமாகக் கொண்ட கற்றலே என் அணுகுமுறை. விரிவுரை, குழு விவாதம், செய்முறை விளக்கம், வினாடி வினா முதலிய பல்வேறு முறைகளைப் பயன்படுத்தி மாணவர்களின் சிந்தனைத் திறனை வளர்க்கிறேன்."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இந்தப் பத்தியை அப்படியே எடுத்துக்கொண்டு போய் ஒரு புவியியல் ஆசிரியர் தன் விண்ணப்பத்தில் வைத்துக்கொள்ளலாம். எழுதிய எதையும் இந்த ஒரு சோதனைக்கு உட்படுத்துங்கள்: 'நர்சிங்' என்ற சொல்லை எடுத்துவிட்டு வேறு பாடத்தின் பெயரைப் போட்டாலும் வாக்கியம் நிற்கிறதா? நின்றால் அந்த வாக்கியம் வேண்டாம்.

ஆனாலும் இந்த வரைவை எழுதாமல் இருக்காதீர்கள். அது உள்ளே இருக்கும்வரை வேறு எதுவும் வெளியே வராது. எழுதி, மடித்து, ஓரமாக வைத்துவிட்டு அடுத்த வேலைக்கு வாருங்கள்.

கொள்கையைத் தேடாமல் சம்பவத்தைத் தேடுங்கள்

ஒரு தாளில், கற்பிக்கும்போது உங்களுக்கு வயிற்றைப் பிசைந்த சம்பவங்களை எழுதுங்கள். நான்கைந்து போதும். வெற்றிக் கதைகளைத் தள்ளி வையுங்கள். "இந்த நாளுக்குப் பிறகு நான் கற்பிக்கும் விதத்தை மாற்றிக்கொண்டேன்" என்று சொல்லக்கூடியதாக ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒன்றுதான் அறிக்கையின் முதுகெலும்பு.

அந்த மாணவியிடம் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றார். பிறகு, "ஒன்று இருக்கிறது மேடம், ஆனால் அதை எழுத முடியாது" என்றார்.

"ஏன்?"

"அதில் தப்பு என்னுடையது."

"அதைத்தான் சொல்லம்மா" என்றேன்.

நடந்தது இது. பொது மருத்துவ வார்டில் இரண்டாம் ஆண்டு மாணவர்களுடன் டியூட்டராக அவருக்குக் காலை டியூட்டி. நோயாளி ஒருவருக்குக் காலை உணவுக்கு முன் இன்சுலின் 20 யூனிட். குப்பி நம் ஊரில் வழக்கமாகக் கிடைப்பது, ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குரிய சிவப்பு மூடி சிரிஞ்சு அன்று தீர்ந்துபோயிருந்தது. டிராலியில் ஆரஞ்சு மூடி சிரிஞ்சு கிடந்தது. அது ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள இன்சுலினுக்கானது. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் அதை எடுத்தார், 20 என்று போட்டிருந்த கோடு வரை இழுத்தார், டியூட்டரிடம் கொண்டுவந்து காட்டினார்.

அந்தச் சிரிஞ்சில் 20-ஆம் கோடு என்பது 0.2 மில்லி. 40 யூனிட் குப்பியிலிருந்து 0.2 மில்லி எடுத்தால் கிடைப்பது 8 யூனிட்தான். கொடுக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. நல்லவேளையாக ஊசி உடம்பில் இறங்குவதற்கு முன்பே டியூட்டரின் கண்ணில் பட்டது. இதே குழப்பம் தலைகீழாக நடந்திருந்தால், அதாவது 100 யூனிட் குப்பியும் சிவப்பு மூடி சிரிஞ்சுமாக இருந்திருந்தால், 20-ஆம் கோட்டில் 0.5 மில்லி, அதில் 50 யூனிட் போயிருக்கும். சர்க்கரை தாழ்ந்து நோயாளி நினைவிழக்கக்கூடிய அளவு அது.

டியூட்டர் என்ன செய்தார்? நோயாளியின் முன்னாலேயே மாணவியைத் திட்டினார். பிறகு மருந்தளவுச் சூத்திரத்தை ஐம்பது முறை எழுதிவரச் சொன்னார். நாம் எல்லோரும் இப்படித்தான் வளர்க்கப்பட்டோம். அடுத்த வாரம் ஆய்வகத்தில் வேறொரு மாணவர் அதே தவறைச் செய்தார். அவரும் சூத்திரத்தைத் தலைகீழாக ஒப்பிக்கத் தெரிந்தவர்.

அன்றைக்குத்தான் டியூட்டருக்கு உறைத்தது. குழுவில் இருந்த 12 பேரும் மருந்தளவுக் கணக்கு எழுத்துத் தேர்வில் தேறியவர்கள். கணக்கில் யாருக்கும் கோளாறு இல்லை. 20 என்ற எண்ணைத் தேடிய கண், குப்பியின் லேபிளையும் சிரிஞ்சின் மூடியையும் பார்க்கவே இல்லை. கோளாறு கண்ணிலும் கையிலும் இருக்க, அவர் மருந்து கொடுத்ததோ தாளுக்கு.

மாற்றியதை, செய்த விதமாகவே எழுதுங்கள்

இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். சம்பவத்தை நன்றாகச் சொல்லிவிட்டு, "இதிலிருந்து நோயாளிப் பாதுகாப்பின் முக்கியத்துவத்தை உணர்ந்தேன்" என்று முடித்துவிடுவார்கள். உணர்ந்தது கிடக்கட்டும், மறுவாரம் மேஜையில் என்ன வைத்தீர்கள்?

அவர் வைத்தது இது: இரண்டு வகைக் குப்பிகள், இரண்டு வகைச் சிரிஞ்சுகள், எல்லாம் கலந்து. குப்பிகளில் தண்ணீர்தான், 'பயிற்சிக்கு மட்டும்' என்று பெரிய எழுத்தில் ஒட்டி, வகுப்பு முடிந்ததும் எண்ணிப் பூட்டி வைத்துவிடுவார். (பயிற்சிக் குப்பி வார்டு டிராலிக்குப் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஒரு விவரத்தை அறிக்கையில் பார்த்ததும் குழுவில் இருந்த மருந்தியல்காரர் தலையை ஆட்டினார்.) ஒவ்வொருவராக அழைத்து, "20 யூனிட் எடுங்கள்" என்று மட்டும் சொல்வார். எச்சரிக்கை, சூத்திரம் எதுவும் கிடையாது. 12 பேரில் 7 பேர் கைக்குக் கிடைத்த சிரிஞ்சில் 20 வரை இழுத்தார்கள்.

அதன் பிறகுதான் கேள்வி: "குப்பியில் என்ன எழுதியிருக்கிறது? சத்தமாகப் படியுங்கள். சிரிஞ்சில்?" மாணவர் படித்துக்கொண்டே வருவார், பாதியில் குரல் நிற்கும். அந்த இடத்தில் டியூட்டர் வாயைத் திறப்பதில்லை.

சிலர் உடனே சாமர்த்தியமாக, "0.5 மில்லிதானே மேடம், இந்தச் சிரிஞ்சில் 50-ஆம் கோடு வரை எடுத்தால் சரியாகிவிடும்" என்பார்கள். கணக்கு சரிதான், ஆனால் அந்த விடையை அவர் ஏற்பதில்லை. பொருந்தாத சிரிஞ்சில் மாற்றுக் கணக்குப் போட்டுச் சமாளிக்கும் பழக்கம் வந்துவிட்டால், அதிகாலை நான்கு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், ஒரு நாள் அது தவறும். பொருந்தும் சிரிஞ்சு வரும்வரை நிறுத்துவதுதான் சரியான விடை. இப்படி ஒரு சரியான கணக்கை ஏன் ஏற்கமாட்டேன் என்று சொல்லும் இடத்தில் ஆசிரியரின் கொள்கை தானாக வெளியே வந்துவிடுகிறது. 'நான் நம்புகிறேன்' என்ற சொல்லே தேவைப்படவில்லை, பாருங்கள்.

கையைப் பிடிக்கும் இடம்

அடுத்தது, நான் முன்பு சொன்ன நான்காவது கேள்வி. இதற்கு ஒரு பத்தி தனியாக ஒதுக்குங்கள். பொத்தாம்பொதுவாக எழுதாமல், எல்லைக்கோடு எங்கே என்று சொல்லுங்கள். அந்த மாணவி எழுதியதைச் சற்றுச் சுருக்கித் தருகிறேன்:

"ஆய்வகத்தில் மாணவர் தவறை முடிக்கும்வரை நான் குறுக்கிடுவதில்லை. வார்டில் மருந்தை எடுப்பது மாணவர். குப்பி, சிரிஞ்சு, அளவு மூன்றையும் எனக்குச் சத்தமாகச் சொன்ன பிறகுதான் நோயாளியின் அருகே போகலாம். கட்டிலருகே ஏதேனும் தவறு கண்டால், 'ஒரு நிமிடம், கேஸ் ஷீட்டைப் பார்த்துவிட்டு வருவோம்' என்பேன். அதன் பொருள் 'கையை நிறுத்து' என்று போஸ்டிங்கின் முதல் நாளே மாணவர்களுக்குச் சொல்லியிருப்பேன். திருத்தம் நர்சிங் ஸ்டேஷனில் நடக்கும். நோயாளிக்கு அச்சம் வராது, மாணவருக்கு அவமானம் வராது, ஆனால் ஊசி நிற்கும். அந்தச் சொல்லை மாணவரும் என்னிடம் சொல்லலாம்."

கடைசி வாக்கியத்தை முதலில் அவர் எழுதவில்லை. "மாணவர் உன்னை நிறுத்தினால்?" என்று கேட்டபோது, ஒருமுறை அப்படி நடந்ததாகச் சொன்னார். அதைச் சேர்க்கச் சொன்னேன்.

கற்றுக்கொண்டார்கள் என்பதற்குச் சான்று

"என் மாணவர்கள் அனைவரும் சிறந்த மதிப்பெண் பெற்றார்கள்" என்பது இங்கே செல்லாது. எழுத்துத் தேர்வில் தேறியவர்கள்தான் மேஜையில் தவறினார்கள் என்று நீங்களே இரண்டு பத்திக்கு முன்னால் சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் கற்பித்த திறனையே மீண்டும் சோதித்திருக்க வேண்டும். இந்த மாணவி இரண்டு வாரம் கழித்து, அறிவிப்பு இல்லாமல், வேறொரு அளவைச் சொல்லி அதே மேஜையைப் போட்டார். 12 பேரில் 11 பேர் சிரிஞ்சைக் கையில் எடுத்ததும் நின்று, "இது பொருந்தாது" என்றார்கள். ஒருவர் மறுபடியும் தவறினார்.

"அந்த ஒருவரை விட்டுவிடட்டுமா மேடம்?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த ஒருவருக்கு என்ன செய்தார் என்பதில்தான் எனக்கு அதிக ஆர்வம். அவர் தமிழ் வழியில் படித்து வந்த மாணவர். ஆங்கில லேபிளை எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமானதால், படிப்பதைத் தவிர்த்து எண்ணை மட்டும் பார்க்கப் பழகிவிட்டார். ஆறு மருந்துகளின் காலிப் பெட்டிகளைக் கொடுத்து, தினமும் காலை பத்து நிமிடம் லேபிளைத் தமிழில் விளக்கிச் சொல்ல வைத்திருக்கிறார் டியூட்டர். நம் கல்லூரிகளில் முதல் இரண்டு ஆண்டுகள் எத்தனை பேருக்கு இதுதான் சிக்கல் என்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். 'தனித்தன்மை கொண்ட மாணவர்' என்ற வழக்கமான வரிக்குப் பின்னால் இருக்கும் ஆள் இவர்தான்.

12 என்பது சின்ன எண்தான். அதைப் பெரிதாக்கிக் காட்ட முயலாதீர்கள். 12 என்றே எழுதுங்கள். சதவீதமாக மாற்றினால் குழு உடனே "மொத்தம் எத்தனை பேர்?" என்று கேட்கும்.

கோட்பாடு: ஒன்று போதும், வேலை செய்தால் போதும்

எம்.எஸ்சி.யில் நர்சிங் கல்வி படித்த எல்லோருக்கும் பத்துக் கோட்பாட்டாளர்களின் பெயர் தெரியும். எல்லோரையும் வரிசையாக நிறுத்திக் கும்பிடு போட வேண்டியதில்லை. உங்கள் சம்பவத்தை விளக்குகிற ஒருவரை மட்டும் அழையுங்கள்.

இந்த மாணவியின் கதைக்குப் பொருந்தியவர் ஜார்ஜ் மில்லர். மருத்துவக் கல்வியில் மதிப்பீடு பற்றி 1990-இல் அவர் ஒரு கூம்பை வரைந்தார். அடியில் 'அறிந்திருக்கிறார்', அதன் மேல் 'எப்படி என்று அறிந்திருக்கிறார்', அதற்கும் மேல் 'செய்து காட்டுகிறார்', உச்சியில் 'செய்கிறார்'. எழுத்துத் தேர்வு கீழ் இரண்டு படிகளைத்தான் அளக்கும். நம் கதையில் தவறு நடந்ததோ மேல் படிகளில். ஐம்பது முறை சூத்திரம் எழுத வைத்தது ஏன் பலிக்கவில்லை என்பதை இந்த ஒரு படம் சொல்லிவிடுகிறது. அறிக்கையில் இதற்கு மூன்று வரி போதும்.

பாட்ரிசியா பென்னரின் பெயரை இடாதவர் அரிது. புதியவரிலிருந்து வல்லுநர் வரை ஐந்து நிலைகள் என்று 1984-இல் அவர் நர்சிங்குக்கு எழுதிக் காட்டியது நமக்குப் பெரிய கொடை. ஆனால் பெயரைச் சொல்லிவிட்டால், அடுத்த வரியில் உங்கள் இரண்டாம் ஆண்டு மாணவர் எந்த நிலையில் இருக்கிறார், அதனால் அவருக்குச் சொல்லும் அறிவுரை எப்படி மாறுகிறது என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் நேர்காணலில் நான் அதைக் கேட்பேன். வயது வந்தோர் கற்றல் பற்றிய மால்கம் நோல்ஸை இழுப்பவர்களிடமும் இதே கதைதான்: பள்ளி முடித்து நேரே வந்த பதினெட்டு வயதுக்காரருக்கும், பணியில் இருந்துகொண்டே பட்டயத்துக்கு மேல் பட்டம் படிக்க வரும் முப்பத்தைந்து வயது சிஸ்டருக்கும் அது ஒரே மாதிரி பொருந்துமா?

அந்தக் கல்லூரிக்கு ஒரு பத்தி

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் வெளியிட்ட பி.எஸ்சி. பாடத்திட்டம் செமஸ்டர் முறைக்கு மாறி, திறன் சார்ந்த கற்றலையும் சிமுலேஷன் பயிற்சியையும் உள்ளே கொண்டுவந்துவிட்டது. நீங்கள் எடுக்கப்போகும் தாள் எது, அதில் உங்கள் முறை எந்த இடத்தில் உட்காரும் என்று சொல்லுங்கள். கல்லூரியில் விலையுயர்ந்த மானிக்கின் இருக்கிறது என்று அவர்களின் இணையதளத்தில் படித்துவிட்டு, அதைப் புகழ்ந்து ஒரு பத்தி எழுதாதீர்கள். அது பெரும்பாலும் பூட்டிய அறையில் இருக்கும், எங்களுக்குத் தெரியும். நான்கு குப்பி, நான்கு சிரிஞ்சு வைத்து நடத்திய வகுப்பு எந்தக் கல்லூரியிலும் நடக்கும்.

அனுப்பும் முன்

சிலவற்றை வெட்டுங்கள். நைட்டிங்கேலையும் விளக்கையும் முதலில். அவர் புள்ளிவிவரங்களை வைத்துப் போராடியவர். அவரை விளக்கோடு மட்டும் நிறுத்துவது அவருக்கும் நியாயமில்லை. பழைய மருத்துவமனையின் பெயரும் குறையும் வேண்டாம். "சிரிஞ்சு தீர்ந்துபோயிருந்தது" போதும். யார் வாங்கித் தரவில்லை என்பது இங்கே தேவையில்லை. நோயாளியைப் பற்றி வயது, ஊர், கட்டில் எண், தேதி எதுவும் கூடாது. சிறிய ஊரில் இவற்றில் இரண்டைச் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும். தவறு செய்த மாணவரையும் அப்படியே மறைத்து எழுதுங்கள்; குழுவில் இருப்பவர் அவருக்கு நாளை தேர்வாளராக வரலாம்.

அறிக்கையை ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள். ஆனால் முதல் வரைவைத் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் தொடங்கினால் பாடப்புத்தக வாக்கியங்கள் தாமாக வந்து விழும். தமிழில் "மேஜையில் குப்பியை வைத்தேன்" என்று எழுதியவர், ஆங்கிலத்திலும் அதைத்தான் எழுதுவார். அளவு, ஒன்றரைப் பக்கம். சம்பவத்தைக் கால் பக்கத்துக்கு மேல் போக விடாதீர்கள். மாற்றியதற்கு அதைவிட இரண்டு மடங்கு இடம் கொடுங்கள்.

எழுதியதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாதிரி வகுப்பைத் தயாரியுங்கள். நம் ஊர் நேர்காணலில் பத்துப் பதினைந்து நிமிடம் பாடம் எடுக்கச் சொல்வது வழக்கம். "மாணவர் முதலில் செய்வார், நான் பிறகு பேசுவேன்" என்று எழுதியவர் இருபது ஸ்லைடுகளைப் போட்டு மூச்சுவிடாமல் பேசியதைப் பார்த்திருக்கிறேன். இந்த மாணவி ஒரு சிறிய பெட்டியோடு போனார். குழுத் தலைவரின் முன்னால் இரண்டு குப்பிகளையும் இரண்டு சிரிஞ்சுகளையும் வைத்து, "20 யூனிட் எடுங்கள், சார்" என்றார். தலைவர் அறுவைச் சிகிச்சை நிபுணர். ஆரஞ்சு மூடியைத் திருகினார், 20 வரை இழுத்தார், நிமிர்ந்து பார்த்தார். மாணவி பேசாமல் நின்றார்.